கயிறு விட்ட கணத்தில் கீல் எவ்வளவு தாங்குகிறது?

கேள்வி: பெகுவில் எங்கள் அரிசிக் கிடங்கின் மேடை விளிம்பில் ஒரு தேக்குப் பலகையைக் கீல் வைத்து மாட்டியிருக்கிறோம். நீளம் 3 மீட்டர், எடை 24 கிலோ, மேடை உயரம் 1 மீட்டர். வேலை இல்லாத நேரத்தில் அதன் நுனியில் கயிறு கட்டி, நேர் மேலே உள்ள உத்தரத்திலிருந்து படுக்கையாகத் தொங்கவிடுவோம். லாரி வந்ததும் கயிற்றைச் சட்டென விட்டுவிடுவார்கள். விட்டதும் முழு 24 கிலோவும் கீலில் வந்து விழும் என்கிறார் மேஸ்திரி. அந்தக் கணத்தில் 6 கிலோதான் என்கிறான் பி.எஸ்ஸி. படிக்கும் என் மகன். கட்டியிருக்கும்போது கீல் தாங்குவது 12 கிலோ. விட்ட பிறகு அது எப்படிக் குறையும்?

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. கயிறு கையை விட்டுப் போன அந்தக் கணத்தில் கீல் தாங்குவது பலகையின் எடையில் கால் பங்கு, அதாவது 6 கிலோ எடைக்குச் சமமான விசை. மேஸ்திரியின் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுமை கீலுக்கு வருவது அவர் நினைக்கும் நேரத்தில் அல்ல, சற்றுப் பின்னால்.

மேஸ்திரியின் கணக்கு இப்படிப் போகிறது: பலகையின் எடையைக் கயிறும் கீலும் பாதிப் பாதி தாங்கின. கயிறு போய்விட்டது. எனவே மீதியையும் கீல்தான் தாங்கியாக வேண்டும். பலகை அசையாமல் நின்றால் இது சரியாக இருக்கும். ஆனால் கயிறு போனதும் பலகை விழத் தொடங்குகிறது. விழும் பொருளின் எடை முழுவதையும் யாரும் தாங்க வேண்டியதில்லை. ஒரு பகுதி அதைக் கீழ்நோக்கி முடுக்குவதிலேயே செலவாகிவிடும். கீலே இல்லாமல் பலகை முழுதாகத் தடையின்றி விழுந்தால் தாங்கும் விசை சுழி. நம் பலகை இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருக்கிறது. அதன் மையம் எவ்வளவு முடுக்கத்தோடு கீழே கிளம்புகிறது என்று தெரிந்துவிட்டால் விடையும் தெரிந்துவிடும்.

விட்ட கணம் என்றால் கயிறு இல்லை, ஆனால் பலகை இன்னும் இம்மியும் நகரவில்லை. வேகம் சுழி, முடுக்கம் சுழி அல்ல. கீலைப் பொறுத்துப் பலகையைத் திருப்புவது அதன் எடை மட்டுமே. அந்த எடை கீலிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, மையத்தில் செயல்படுகிறது. நிறை M, நீளம் L கொண்ட சீரான தண்டை முனையைப் பொறுத்துத் திருப்பும்போது அது காட்டும் தடை, அதாவது நிலைமத் திருப்புத்திறன், ML²/3. நம் பலகைக்கு அது 24 × 9 / 3 = 72. திருப்பு விசை 24 × 9.8 × 1.5 = 352.8. இதை 72-ஆல் வகுத்தால் கோண முடுக்கம் 4.9. மையம் 1.5 மீட்டரில் இருப்பதால் அதன் முடுக்கம் 4.9 × 1.5 = 7.35 மீ/நொடி². இது புவி ஈர்ப்பு முடுக்கமான g-இல், அதாவது 9.8-இல், சரியாக முக்கால் பங்கு. எடையில் முக்கால் பங்கு மையத்தை முடுக்குவதற்குப் போய்விட, மிஞ்சிய கால் பங்கைக் கீல் மேல்நோக்கித் தருகிறது. நியூட்டனில் 58.8, கிலோ எடையில் 6. நீளமும் எடையும் எதுவானாலும், சீரான தண்டுக்கு விடை Mg/4 தான்.

பக்கவாட்டில் கீல் ஏதாவது இழுக்குமா? அந்தக் கணத்தில் இல்லை. பலகையை வட்டப் பாதையில் பிடித்து வைக்க உள்நோக்கிய விசை வேண்டும்தான், ஆனால் அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகமே இன்னும் பிறக்கவில்லை.

உங்கள் மகன் தன் விடையைச் சோதிக்க விரும்பினால் கீலை விட்டுவிட்டு மையத்தைப் பொறுத்துப் பார்க்கலாம். எடை மையத்தின் வழியாகவே செல்வதால் அதற்கு அங்கே திருப்பும் திறன் இல்லை. பலகையைத் திருப்புவது கீல் விசை ஒன்றுதான். மையத்தைப் பொறுத்த நிலைமத் திருப்புத்திறன் ML²/12 = 18. அதை 4.9-ஆல் பெருக்கி, 1.5-ஆல் வகுத்தால் மறுபடியும் 58.8. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கீலைப் பொறுத்துக் கணக்குப் போடும்போது இந்த ML²/12-ஐ எடுத்துக்கொண்டால், மையத்தின் முடுக்கம் 3g என்று வரும். கீல் பலகையைக் கீழ்நோக்கி 2Mg விசையோடு இழுக்கிறது என்றாகிவிடும். புவி ஈர்ப்பு மட்டும் விழவைக்கும் சீரான பலகையின் மையம் g-ஐ விட வேகமாகக் கிளம்புவதாக விடை வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு எந்த அச்சைப் பொறுத்து எதை எழுதினோம் என்று பார்க்க வேண்டும்.

12 எப்படி 6 ஆனது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. கயிறு எங்கே கட்டியிருந்தது என்பதற்கும் விட்ட பிறகு கீல் தாங்கும் விசைக்கும் தொடர்பே இல்லை. விட்ட பிறகு பலகைக்குக் கயிறு இருந்ததே தெரியாது. எங்கே கட்டியிருந்தாலும் விடை 6 தான். கட்டும் இடத்தால் மாறுவது விடுவதற்கு முந்தைய சுமை. நுனியில் கட்டினால் கீலுக்கு 12, விட்டதும் 6. நடுவில் கட்டினால் முழு எடையும் கயிற்றில்தான், கீலுக்கு ஒன்றுமில்லை; விட்டதும் அது 6-க்கு ஏறுகிறது. கீலிலிருந்து 1 மீட்டரில் கட்டினால் கயிறு 36 கிலோ இழுக்கும், கீலோ பலகையை 12 கிலோ அளவுக்குக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கும். விட்டதும் திசையே மாறி 6 கிலோ மேல்நோக்கி. இப்போது 2 மீட்டரில் கட்டிப் பாருங்கள். கயிற்றில் 18, கீலில் 6. விட்ட பிறகும் 6. அதாவது நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளிக் கட்டினால், கயிறு போனதைக் கீல் அந்தக் கணத்தில் உணரவே உணராது. இந்த 2 மீட்டர் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிடங்கில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

கயிறு நேர் மேலே போகாமல் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தால், கட்டியிருக்கும்போது கீலில் பக்கவாட்டு அழுத்தமும் சேரும். விட்டதும் அது அடியோடு போய்விடும். மேல்நோக்கிய 6 அப்படியே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. கீல் விசையை வீட்டுத் தராசால் அளக்க முடியாது, அது காட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பதிலாக ஒரு மீட்டர் நீள மரச்சட்டத்தின் ஒரு முனையை மேசை விளிம்பில் கீல் வைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். மேலே வரிசையாகச் சின்னச் சின்ன நட்டுகளை வைத்து, செல்போனின் ஸ்லோமோஷனில் படம் எடுத்தபடி நுனியைச் சட்டென விடுங்கள். கீலிலிருந்து சுமார் 67 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பவை விழத் தொடங்கும்போது சட்டத்தோடு ஒட்டியே போகும். அதற்கு வெளியே இருப்பவை சட்டத்தைவிட்டுப் பின்தங்கி அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். நுனி 1.5g முடுக்கத்தோடு கிளம்புகிறது. நட்டுக்கு g-க்கு மேல் வராது. எல்லைக் கோடு மூன்றில் இரண்டு பங்கில் விழுந்தால் கோண முடுக்கம் சரி, அதிலிருந்து வந்த கால் பங்கும் சரி. கையை மெதுவாக எடுத்தால் சோதனை கெட்டுவிடும்.

உங்கள் பலகைக்கும் அதே நிபந்தனைதான். கயிற்றைக் கையில் வழுக்கவிட்டு மெல்ல இறக்கினால், கிளம்பும்போது கீலில் ஏறக்குறைய 12 கிலோவே இருக்கும். பலகை விறைப்பானது என்றும் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தேக்குப் பலகையும் தன் எடையில் சற்று வளைந்திருக்கும்; நுனியில் நடந்த மாற்றம் கீலை வந்தடையச் சிறிது நேரம் பிடிக்கும், பலகையும் கொஞ்சம் அதிரும். நுனியில் இரும்புப் பட்டை அடித்திருந்தால் தண்டு சீரானது அல்ல. ஆனால் 4 கிலோ பட்டையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் கீல் விசை 6-லிருந்து சுமார் 6.7 கிலோ ஆகிறது, அவ்வளவுதான்.

இனி மேஸ்திரி பயப்பட வேண்டிய இடம். பலகை இறங்க இறங்க வேகம் பிறக்கிறது, வேகத்தோடு பலகையின் நீள வாக்கில் இழுவையும் வளர்கிறது. படுக்கையிலிருந்து θ கோணம் இறங்கியதும் கீல் தரும் நீளவாக்கு விசை (5/2)Mg sin θ, குறுக்குவாக்கில் (1/4)Mg cos θ. உங்கள் மேடை 1 மீட்டர், பலகை 3 மீட்டர் என்பதால் நுனி தரையைத் தொடும்போது sin θ = 1/3. நீளவாக்கில் 20 கிலோ, குறுக்கே 5.7, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 21 கிலோ. தரை இல்லாமல் செங்குத்தாகத் தொங்கும் நிலை வரை போயிருந்தால் 60 கிலோ ஆகியிருக்கும்.

இதுவும் பெரிய சுமையல்ல. தரையில் மோதும் அடிதான் கீலை ஆட்டிவைப்பது. அப்போது நுனியின் வேகம் நொடிக்குச் சுமார் 5.4 மீட்டர். நுனி முதலில் இடித்து நின்றால் அடியில் மூன்றில் இரண்டு பங்கைத் தரையும் ஒரு பங்கைக் கீலும் வாங்குகின்றன. ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் பலகை நின்றுவிடுகிறது என்று வைத்தால், கீலில் சராசரியாக 220 கிலோ எடை அளவுக்கு விசை கீழ்நோக்கி வரும். கீல் திருகுகள் தளர்வதும், மரத்தில் துளை நீள்வட்டமாகத் தேய்வதும் இதனால்தான். திருகுத் துளையின் கீழ்ப்பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் காரணம் கயிற்றை விடுவதல்ல, நுனி இடிப்பது.

அந்த 2 மீட்டர் புள்ளிக்கு இங்கேதான் வேலை. பலகையை நுனியில் நிறுத்தாமல், கீலிலிருந்து பலகையின் நீளத்தில் 2 மீட்டர் தள்ளி ஒரு முட்டு வைத்து நிறுத்தினால் முழு அடியையும் அந்த முட்டே வாங்கிக்கொள்ளும். கீலுக்கு அந்த மோதலின் அடி வராது, எடையும் வேகமும் தரும் வழக்கமான சுமை மட்டும்தான். மேடைச் சுவரிலிருந்து தரையில் ஏறக்குறைய 1.9 மீட்டரில், சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்தில் உறுதியான மரக்கட்டை நட்டு, அதன் தலையில் பழைய டயர்த் துண்டு ஒன்றை அடியுங்கள். நுனி தரையைத் தொடுவதற்கு முன்பே பலகை அதில் அமர வேண்டும். பலகையின் அடியில் சுண்ணாம்பு தடவி ஒருமுறை இறக்கிப் பார்த்தால் எது முதலில் படுகிறது என்று தெரிந்துவிடும். நுனி முதலில் பட்டால் கட்டையை இரண்டு விரல் உயர்த்துங்கள்.