ருமாட்டிக் காய்ச்சலும் பென்சிலின் ஊசியும்: கேள்வி பதில்

மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாக மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் மைட்ரல் வால்வில் லேசான கசிவு மட்டும்தான். நன்றாக ஓடியாடுகிறாள். நிறுத்திவிடலாமா டாக்டர்?

வேண்டாம் அம்மா, 21 நாளுக்கு ஒன்று என்று தொடருங்கள். இருக்கும் கசிவை ஊசி சரிசெய்யாது. ருமாட்டிக் காய்ச்சலின் அடுத்த தாக்குதலைத் தடுக்கத்தான் அது. தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறைப் புரதமும் இதயத் திசுவும் சாயலில் ஒத்தவை. கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி வால்வையும் அடித்துவிடுகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த தொண்டைத் தொற்றிலும் அது திரும்ப வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வில் புதுத் தழும்பு விழும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கும் இதே லேசான கசிவுதான். 13 வயதில் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். 15 வயதில் முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எக்கோவில் கசிவு தீவிரம். "தொண்டை வலித்ததா?" என்றால் அவளுக்கு நினைவே இல்லை. பலருக்கும் இப்படித்தான். அதனால் 'தொண்டை வலித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு உதவாது.

வால்வில் பாதிப்பு மிஞ்சியவர்களுக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து 10 வருடம் அல்லது 40 வயது, எது பிந்தியதோ அதுவரை என்பது பலர் பின்பற்றும் விதி.

மகனுக்கு ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனையில் 400. ஊசி தொடங்கலாமா?

அந்த எண் கிருமி அண்மையில் வந்துபோனதைத்தான் சொல்லும். மூட்டு வீக்கம் உண்டா, எக்கோ எப்படி? அதைச் சொல்லாமல் எண்ணுக்கு ஊசி போடாதீர்கள்.

நான் செவிலியர். நாங்கள் 28 நாளுக்கு ஒன்றுதான் போடுகிறோம். 21 என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

28-ம் ஏற்கப்பட்டதுதான். ஆனால் நான்காவது வாரத்தில் பலருக்கு ரத்தத்தில் மருந்து மிகவும் குறைந்துவிடுகிறது. நோய் அதிகமுள்ள இடத்திலும், ஊசி போட்டும் மறுபடி காய்ச்சல் வந்தவர்களுக்கும் 21 நாளே என் தேர்வு.

ஊசி வலிக்குப் பயந்து பிள்ளைகள் பாதியிலேயே வராமல் போகிறார்களே, டாக்டர்? தவறவிட்ட 21-ஐவிட ஒழுங்காகப் போட்ட 28 மேல் இல்லையா?

அது நியாயம்தான், சிஸ்டர். குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போடாமல் குளிர் விட்ட பிறகு மெதுவாகச் செலுத்திப் பாருங்கள், வலி குறையும். அதன் பிறகும் 28 என்றால் சண்டைக்கு வரமாட்டேன். 21-ஐ விடவும் மாட்டேன்.

டாக்டர், ஏ.எஸ்.ஓ. 600 இருக்கிறது, பயமாக...

400-க்குச் சொன்னதே 600-க்கும். மேலே படியுங்கள்.

ஊசிக்குப் பதில் மாத்திரை கூடாதா?

பென்சிலின் வி, தினம் இரண்டு வேளை. மறக்காமல் விழுங்கினாலும் ஊசி அளவுக்குக் காப்பதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: வால்வு கடுமையாகச் சுருங்கி மூச்சிரைப்பவர்கள் சிலர் ஊசி போட்டதும் மயங்கிச் சரிந்து இறந்திருக்கிறார்கள். ஒவ்வாமை என்றே அப்போது நினைத்தார்கள். பலருக்கு இதயம் தாளாததே காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறோம். அப்படிப்பட்டவர்களுக்கு நானே மாத்திரைதான் எழுதுகிறேன்.