வால் வெட்டுப்படும் தலைப்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ‘விளிம்பில் பாபநாசம்’ என்று நாளிதழில் வந்த தலைப்பை எல்லோரும் பாராட்டினார்கள். அதையே இணையதளத்தில் இட்டபோது தேடி வந்தவர் யாருமில்லை. ஏன்? (அம்பாசமுத்திரம் வாசகர்)

நாளிதழில் அந்தத் தலைப்பு தனியாக நிற்கவில்லை. நெல்லைப் பதிப்பு என்பதும், பக்கத்திலிருந்த அணையின் படமும், கீழே இருந்த துணைத் தலைப்பும் அது சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிட்டன. தேடல் முடிவுப் பட்டியலில் இவற்றுள் பெரும்பாலானவை உடன் வருவதில்லை. தஞ்சாவூர் மாவட்டத்திலும் ஒரு பாபநாசம் இருப்பதால், எந்த ஊர் என்பதே அங்கே ஐயமாகிவிடும். அதோடு, நீர்மட்டத்தை அறிய விரும்புபவர் ‘பாபநாசம் அணை நீர்மட்டம்’ என்றுதான் தட்டச்சு செய்வாரே தவிர, ‘விளிம்பு’ என்று தேடமாட்டார்.

அதற்காகத் தேடப்படும் சொற்களை வைத்து ‘பாபநாசம் அணை நிரம்பியது’ என்று எழுதிவிடலாமா என்றால், கூடாது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. செய்தியில் 140 அடி என்று இருந்தால், இன்னும் 3 அடி மீதமிருக்கிறது. ‘நிரம்பியது’ என்பது பிழை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘பாபநாசம் அணை நீர்மட்டம் 140 அடி: தாமிரபரணிக் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை’. எச்சரிக்கை முறையாக விடுக்கப்பட்டு, அது செய்தியின் உள்ளேயும் இருந்தால் மட்டுமே இரண்டாம் பாதி நிற்கலாம். நாளிதழில் ‘விளிம்பில் பாபநாசம்’ அப்படியே இருக்கட்டும், அங்கே அது நல்ல தலைப்புதான்.

கேள்வி: இணையத் தலைப்பு எத்தனை எழுத்துகள் இருக்கலாம்? (தென்காசி வாசகர்)

கூகுள் எழுத்து எண்ணிக்கை எதையும் வரையறுக்கவில்லை. திரையில் கிடைக்கும் அகலத்துக்கு ஏற்பத் தலைப்பை வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால், ஆங்கிலத் தலைப்புகளுக்குச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நீளத்தைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. தமிழில் வினையும் மறுப்பும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகின்றன. இந்தத் தலைப்பைப் பாருங்கள்:

‘குற்றாலம் மெயின் அருவி, ஐந்தருவியில் சுற்றுலாப் பயணிகள் குளிக்க விதிக்கப்பட்டிருந்த தடை நீக்கம்’

அச்சில் இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கைபேசியில் ‘குளிக்க விதிக்கப்பட்டிருந்த தடை…’ என்று வெட்டுப்பட்டால், செய்தி தலைகீழாகிவிடும். குடும்பத்தோடு கிளம்பியவர் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவார். ஆகவே முடிவை முன்னால் கொண்டுவர வேண்டும்: ‘குளிக்க அனுமதி: குற்றாலம் மெயின் அருவி, ஐந்தருவியில் நீங்கியது தடை’. இதில் எந்த இடத்தில் வெட்டினாலும் பொருள் மாறாது. தலைப்பைப் பாதியில் மறைத்து, மீதியை மட்டும் படித்துப் பார்ப்பது நான் தவறாமல் செய்யும் சோதனை.

‘குற்றாலத்தில்’ என்று எழுதாமல் ‘குற்றாலம்’ என்றே விட்டதற்கும் காரணம் உண்டு. வேற்றுமை உருபு சேரும்போது ஊர்ப் பெயரின் வடிவம் மாறிவிடுகிறது. தேடுபொறி அதைப் புரிந்துகொண்டாலும், தான் தட்டச்சு செய்த சொல்லையே வாசகரின் கண் தேடும். பேச்சு வழக்கை நம்பிக் ‘குத்தாலம்’ என்று எழுதிவிடாதீர்கள், அது மயிலாடுதுறை மாவட்டத்து ஊர். ‘குற்றாலம் அருவிகளில் தடை நீக்கம்’ என்று பொதுப்படச் சுருக்குவதும் தவறு. பழைய குற்றாலத்தில் தடை நீடித்தால் அந்தத் தலைப்பு பொய்யாகிவிடும்.

கேள்வி: பக்கத்தின் முகவரியிலும் தமிழ்த் தலைப்பையே இடலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

இடலாம், பக்கம் திறக்கும். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்துகளாக விரிவது வழக்கம். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால், ‘நெல்லை’ என்ற சொல்லில் அத்தகைய குறியீடுகள் 6 உள்ளன. அந்த ஒரு சொல்லே 54 எழுத்துகளாகிவிடும். நான் முகவரியை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக வைத்துவிட்டு, தலைப்பை மட்டும் தமிழில் எழுதுகிறேன்:

```
/papanasam-dam-water-level
<title>பாபநாசம் அணை நீர்மட்டம் 140 அடி</title>
```

முகவரியில் 140 என்ற எண்ணைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாலைக்குள் 141 ஆகிவிட்டால், முகவரி மட்டும் பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேள்வி: தலைப்பில் பிழை என்று பிறகு தெரிந்தால் என்ன செய்வது? (வள்ளியூர் வாசகர்)

அச்சில் மறுநாள் திருத்தம் வெளியிடத்தான் முடியும். இணையத்தில் உடனே மாற்றலாம், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் மாற்றினால் போதாது. தேடலுக்கான `<title>`, பக்கத்தின் மேலே தெரியும் `<h1>`, பகிரும்போது தோன்றும் `og:title` ஆகிய மூன்றையும் திருத்த வேண்டும். முடிவுப் பட்டியலில் காட்டுவதற்கு இவற்றுள் எதையும் கூகுள் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஒன்றில் பழைய பிழை தங்கினாலும் அது மீண்டும் வெளியே வரும். முகவரியை மாற்றாதீர்கள், மாற்றியே தீர வேண்டுமானால், பழையதிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்றம் வைத்துவிடுங்கள். பட்டியலில் திருத்தம் தெரிய, கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்க வேண்டும். அதுவரை பழைய தலைப்பைப் பார்த்து வருபவருக்காக, என்ன திருத்தப்பட்டது என்பதைச் செய்தியின் முதல் வரியிலேயே நேரத்தோடு குறிப்பிடுங்கள்.