கோளாறு குரலில் இல்லை, கையில்

பிளஸ் டூ முடித்த மகளைப் பற்றி ஓர் அம்மா எழுதியிருந்தார். பெண்ணுக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. மேடையில் நிகழ்ச்சி தொகுத்து வழங்க அதைவிட ஆசை. சித்தப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். பள்ளி ஆண்டு விழாவில் அவள் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்தபோது மைக் கூவியதாம், பின்வரிசைக்குப் பாதி கேட்கவில்லையாம். “இந்தக் குரலை நம்பியா படிப்பை விடுவது?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வீடியோவும் அனுப்பியிருந்தார்.

அம்மா, கடன் வாங்கி அந்த சீட்டை வாங்காதீர்கள். நான்கு வருடம் ஃபீஸ் கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள். சித்தப்பா இரண்டிலும் இல்லை. அதற்குப் பதிலாக நீங்கள் விசாரித்து வைத்திருக்கும் ஆங்கரிங் டிப்ளமோவும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஊரில் மைக்செட் போடுபவரிடம் பேசுங்கள். விழா நாளில் கூட்டம் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் அவரோடு மேடையில் நின்று பழகட்டும். அந்த வீடியோவில் இருக்கும் எல்லாக் கோளாறையும் அங்கேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்தக் கூவல். அவள் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருக்கிறாள். மேடை மைக் முன்பக்கச் சத்தத்தை வாங்கி, பின்பக்கத்தைத் தள்ளிவிடுகிற மாதிரி செய்யப்பட்டது. தலைக்குக் கீழே இருக்கும் இடுக்குகளைக் கையால் அடைத்தால் அந்தக் குணம் கெட்டு, ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக் கூவ ஆரம்பிக்கும். கைப்பிடியின் நடுவில்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது தூரம். “மாணவச் செல்வங்களே” வரை மைக் வாயருகே இருக்கிறது. பிறகு கை தளர்ந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் மைக்கில் விழும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். 5 செ.மீ.யில் இருந்தது 20 செ.மீ.க்குப் போனால் 12 டெசிபெல் போய்விடும். ஆபரேட்டர் அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவார், மைக் மறுபடி கூவும். மூன்று நான்கு விரல் அகலம் போதும். மைக்கைத் தாடைக்குச் சற்றுக் கீழே வைத்து, சாய்வாக வாயை நோக்கிப் பிடிக்கட்டும். நேராக வாய்க்கு எதிரே வைத்தால் “பெருமதிப்பிற்குரிய பேராசிரியர்” என்று சொல்லும்போது ஒவ்வொரு ‘பெ’யும் ‘பே’யும் டப் டப் என்று வெடிக்கும். நம் வரவேற்புரையில் பகரத்துக்குப் பஞ்சமே இல்லை!

விருந்தினர் பெயரைச் சொல்லும்போது மரியாதையாக அவர் பக்கம் திரும்பினாளே, அங்கேதான் பெயர் காணாமல் போனது. முகம் திரும்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். போடியம் மைக் என்றால் அது திரும்பாது. கையால் விருந்தினரைக் காட்டலாம், வாய் மைக்கை விட்டு விலகக் கூடாது.

காலர் மைக் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அறிமுகத்துக்கு வேண்டாம் என்பேன். பெரும்பாலான காலர் மைக்குகள் எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கும். வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருப்பதால் வால்யூமைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நடந்தாலே கூவிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் மார்புக்கு நடுவே, சங்கிலியும் துப்பட்டாவும் உரசாத இடத்தில் மாட்டட்டும். பட்டுச் சேலை உரசினால் அந்தச் சரசரப்பு அரங்கம் முழுக்கக் கேட்கும்.

வால்யூம் ஆபரேட்டர் பொறுப்பு. ஆனால் ஒத்திகையில் “ஹலோ, ஒன் டூ த்ரீ” என்று முணுமுணுத்துவிட்டு மேடையில் கத்தினால் அவர் என்ன செய்வார்? அறிமுகத்தின் முதல் இரண்டு வரியை, விழாவில் பேசப்போகும் அதே அளவில் சொல்லிக் காட்ட வேண்டும். மைக்கை ஊதவோ தட்டவோ கூடாது.

கடைசியாக, அந்தத் தொடக்கம். நடந்து வந்துகொண்டே “அனைவருக்கும்” என்கிறாள், அது யாருக்கும் கேட்கவில்லை. ஆபரேட்டர் பெரும்பாலும் பேசாத மைக்கை இறக்கியே வைத்திருப்பார், ஆளைப் பார்த்ததும்தான் ஏற்றுவார். கார்ட்லெஸ் மைக்கில் சுவிட்சும் அணைந்திருக்கலாம். வந்து நின்று, சுவிட்சைப் பார்த்து, மைக்கைச் சற்று விலக்கி மூச்சு இழுத்து, பிறகு வாயருகே கொண்டுவந்து இரண்டு விநாடி சும்மா நிற்கட்டும். அவளுக்கு அது யுகமாகத் தோன்றும், கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. பெரிய மண்டபத்தில் தன் குரல் எதிரொலித்துத் திரும்பி வந்தால், விருந்தினர் பெயருக்கு முன்னால் இன்னொரு விநாடி நிறுத்தி, எதிரொலி அடங்கிய பிறகு சொல்லட்டும்.

இதற்கெல்லாம் செலவு அந்த மைக்செட்காரருக்கு வாங்கித் தரும் டீதான். அடுத்த விழாவிலும் வீடியோ எடுங்கள், ஆனால் முன்வரிசையிலிருந்து வேண்டாம். கடைசி வரிசையிலிருந்து எடுத்து எனக்கு அனுப்புங்கள். தமிழ் இலக்கியத்துக்கான விண்ணப்பத்தை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.