டிரிகர் ஊசிக்குப் பிறகு தெரியும் இரண்டாவது கோடு: கேள்வி பதில்

கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், முட்டை வெளிவருவதற்காகப் போடும் டிரிகர் ஊசியையும் அதன்பின் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் தெரியும் கோட்டையும் பற்றியவை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"அக்கா, 5000 யூனிட் டிரிகர் ஊசி போட்டு எட்டு நாள் ஆகுது. கிட்ல மங்கலா ரெண்டாவது கோடு. கர்ப்பம்தானே?"

இப்போதைக்கு அப்படிச் சொல்ல முடியாதும்மா. அந்த ஊசி மருந்தே எச்.சி.ஜி.தான். கரு ஒட்டிய பிறகு உடம்பில் சுரப்பதும் அதுவேதான்.

கிட்டில் சிறுநீர் விட்டதும், நுண்ணிய தங்கத் துகள் ஏற்றிய ஆன்டிபாடிகள் எச்.சி.ஜி.யைப் பிடித்துக்கொண்டு பட்டையில் நகரும். டி கோட்டில் வேறொரு ஆன்டிபாடி அசையாமல் காத்திருக்கும். அது எச்.சி.ஜி.யின் இன்னொரு பக்கத்தைப் பற்றி நிறுத்தும். அங்கே சேர்கிற துகள்கள்தான் சிவப்பாகத் தெரிகின்றன. ஊசியில் வந்ததா, கருவிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியே இல்லை.

ஊசிக்குச் சுமார் ஒன்றரை நாள் கழித்து முட்டை வெளிவரும். கரு ஒட்ட அதன்பின் பெரும்பாலும் எட்டு முதல் பத்து நாள் ஆகும். உங்களுக்கு இன்னும் அந்த நேரமே வரவில்லை. இன்று தெரிவது ஊசியின் கோடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கும் 5000தான். 10000-ல பாதி, அப்ப பாதி நாள்லயே உடம்பை விட்டுப் போயிடும்ல?"

குறைந்த அளவு சீக்கிரம் போகும் என்பது சரி, பாதி நாளில் போய்விடும் என்பது சரியில்லை. எச்.சி.ஜி. ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதாவது 10000 போட்டவர் ஒன்றரை நாள் கழித்து நீங்கள் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிடுவார். வித்தியாசம் அவ்வளவுதான். உடம்புக்கு உடம்பு வேகம் மாறும். ஒருவருக்குப் பத்து நாளில் போவது இன்னொருவருக்குப் பதினான்கு நாள் வரை இழுக்கும். நடுவில் சப்போர்ட்டுக்கு என்று மறுபடி எச்.சி.ஜி. போட்டிருந்தால், அந்தக் கடைசி ஊசியிலிருந்து எண்ணுங்கள்.

"தினமும் பார்த்து எழுதி வச்சிருக்கேன். 7-ம் நாள் தெளிவான கோடு, 9-ல மங்கல், 11-ல சுத்தமா இல்லை, 13-ல திரும்ப மங்கலா இருக்கு. நம்பலாமா?"

நம்பிக்கை தருகிற வரிசைதான். ஊசி மருந்து குறையத்தான் செய்யும், போனது திரும்பி வராது. ஆனால் 11-ம் நாள் கோடு நிஜமாகவே இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று வேறு பிராண்ட் கிட் எடுத்தீர்களா? நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மதியம் பார்த்தீர்களா? அப்படியென்றால் ஊசியின் மிச்சம் நீர்த்துப்போய் மறைந்திருக்கலாம், 13-ல் தெரிவதும் அதே மிச்சமாக இருக்கலாம். கிட்டில் சொன்ன நேரம் தாண்டி, காய்ந்த பிறகு தெரிகிற சாம்பல் நிறக் கீற்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊசியின் மிச்சமென்றால் இரண்டாவது எண் இறங்கியிருக்கும். ஏறியிருந்தால் அது புதிதாகச் சுரப்பது. அந்தக் கர்ப்பம் நிலைக்குமா என்பதை அந்த எண்ணை வைத்து நானும் சொல்ல முடியாது.

"நான் ஊசியெல்லாம் போடலை. தள்ளிப்போய் நாலு நாள் ஆச்சு, நெகடிவ்னே காட்டுது. கிட் சரியில்லையா?"

கிட்டைவிட நாள் கணக்கில்தான் பிழை அதிகம் வரும். இந்த மாதம் முட்டை ஒரு வாரம் தாமதமாக வந்திருந்தால், உங்கள் கணக்கில் தள்ளிப்போன நாள் கருவின் கணக்கில் இன்னும் வரவே இல்லை. பல கிட்கள் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் இருந்தால்தான் காட்டும். தொடக்கத்தில் எச்.சி.ஜி. இரண்டு, மூன்று நாளில் இரட்டிப்பாகும் என்பதால், மூன்று நாள் கழித்துக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, மயக்கம் இருந்தால் மட்டும் கிட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"நான் நர்ஸ். ஒன்பது வாரம், ஸ்கேன்ல இதயத்துடிப்பு இருக்கு, ஆனா யூரின் டெஸ்ட் நெகடிவ். ஹூக் எஃபெக்ட்தானே மேடம்?"

இருக்கலாம். எச்.சி.ஜி. அளவுக்கு மீறி இருந்து இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியாக நிரப்பிவிட, கோடு வராமல் போவதுதான் ஹூக் எஃபெக்ட். ஆனால் அந்த வாரங்களில் சிறுநீரில் எச்.சி.ஜி.யின் உடைந்த துண்டுகள் நிறைய வரும் என்பதால், எனக்கு அவற்றின் மேல்தான் சந்தேகம். அவை ஒரு ஆன்டிபாடியை மட்டும் அடைத்துக்கொள்ளும், இரண்டையும் இணைக்காது. அதே சிறுநீரைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து திரும்பப் பாருங்கள், பல நேரம் கோடு வந்துவிடும். இரண்டிலுமே அப்படி வரலாம் என்பதால், எது காரணம் என்று அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

"என் மனைவிக்கு டிரிகர்னு லியூப்ரோலைடு போட்டாங்க. இதுக்கும் 14 நாள் பொறுக்கணுமா மேடம்?"

அதில் எச்.சி.ஜி. கிடையாது தம்பி, அதனால் அந்த ஊசியால் கிட்டில் பொய்க்கோடு வராது. கூடவே எச்.சி.ஜி.யும் சிறு அளவில் சேர்த்துப் போடுவதுண்டு, சீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனாலும் கரு ஒட்ட அதே நாட்கள் ஆகும். முன்கூட்டிப் பார்த்து நெகடிவ் வந்தால் அதற்கு அர்த்தமில்லை.