ஜன்னலை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுங்கள்

கேள்வி: விற்பனைக்கு வரும் வீடுகளின் உட்புறத்தைப் படம் எடுக்கிறேன். ஜன்னல் வெளுத்துப்போகிறது என்பதால் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து இணைக்கிறேன். இணைத்த பிறகு வெளியே மரங்கள் இரட்டையாகத் தெரிகின்றன, சுவர் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறுகிறது. எங்கே தவறுகிறேன்?

நீங்கள் முக்காலி வைத்துத்தான் எடுக்கிறீர்கள், ஐந்து படங்களையும் மொத்தமாக மென்பொருளிடம் கொடுத்து இணைக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகள் நானும் அதையே செய்தேன். நாகர்கோவிலுக்குள் எடுத்த பெரும்பாலான வீடுகளில் அது போதுமானதாக இருந்தது. எதிர்ச்சுவர்தான் ஜன்னலில் தெரியும்; சுவர் அசையாது. தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையில் ஒரு வீட்டை ஆடி மாதத்தில் எடுக்கப் போனபோதுதான் அந்த முறை எங்கே உடைகிறது என்று கண்டேன்.

அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கி வருகிற இடம். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். வீட்டின் கூடத்தில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், இரும்புக் கம்பி போட்டது. வெளியே வாழையும் தென்னையும். தரை பழைய சிவப்புச் சிமெண்டு, சுவரும் மச்சும் வெள்ளை. உரிமையாளர் வளைகுடாவில் இருந்தார். வீட்டில் அவருடைய அம்மா மட்டும். காலை பத்து மணி. வெயில் எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து அந்த மரங்கள் மேல் நேராக விழுந்தது. பார்க்க அழகு, படம் எடுக்கக் கடினம்.

ஐஎஸ்ஓ 100, f/8 இரண்டையும் மாற்றாமல் ஷட்டரை மட்டும் மாற்றினேன். 1/250 நொடியில் வெளியே இருந்த மரங்கள் சரியாக வந்தன. கூடத்தின் மூலை இருட்டில்லாமல் தெரிய ஒரு முழு நொடி தேவைப்பட்டது. வெளிச்சம் எட்டு முறை இரட்டிப்பாகிற தூரம், அதாவது எட்டு ஸ்டாப் வித்தியாசம். 1/250, 1/60, 1/15, 1/4, 1 நொடி என்று இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள். மின்விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஏனென்றால் தரகர் 'பளிச்சென்று இருக்க வேண்டும்' என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து லைட்ரூமில் இணைத்து அனுப்பினேன்.

மறுநாள் உரிமையாளர் அழைத்தார். "தம்பி, தென்னை ஓலை எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறதே. எங்கள் வீட்டு மச்சுக்கு நான் பச்சைச் சாயம் அடிக்கவில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் உறுத்தியது.

முதலில் ஓலை. மென்பொருள் ஜன்னலை இருட்டான ஒரு படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன். அது அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் படத்தில் நல்ல விவரம் இருக்கிறதோ அதையெல்லாம் கலந்து எடுக்கிறது. வானம் 1/250 படத்தில்தான் வெளுக்காமல் இருக்கும். வெயில் பட்ட ஓலை 1/60 படத்தில் நன்றாக இருக்கும். ஓலையின் நிழல் பக்கம் 1/15 படத்தில்கூட விவரத்தோடு இருக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு கணங்கள், மூன்றிலும் ஓலை வெவ்வேறு இடத்தில். கலந்தால் இரட்டை உருவம் வராமல் எப்படி இருக்கும்? காற்றே இல்லாத நாளிலும் திரைச்சீலையும் மின்விசிறியும் இதையே செய்யும். ஓடும் மேகம் இன்னும் மோசம்: ஐந்து படங்கள் எடுத்து முடிப்பதற்குள் வெயில் மங்கினால், எதுவும் அசையாமலேயே சுவரில் திட்டுத் திட்டாக நிழல் விழும்.

`Deghost Amount` என்று ஒரு வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். முயன்றேன். அது அசைந்த பகுதி எது என்று கண்டுபிடித்து, அந்தப் பகுதிக்கு ஒரே படத்தை வைத்துக்கொள்கிறது. எந்தப் படம் என்பதை நம்மிடம் கேட்பதில்லை. `Show Deghost Overlay` என்பதை இயக்கிப் பாருங்கள், அது எங்கெல்லாம் கை வைத்திருக்கிறது என்று சிவப்பாகக் காட்டும். எனக்கு `High` வைத்தபோது ஜன்னலின் பாதி வெளுத்த படத்திலிருந்து வந்தது, மீதிப் பாதியில் கம்பிகளைச் சுற்றி மணல் தூவியதுபோல் இரைச்சல். ஒரு திரைச்சீலையின் ஓரம் அசைந்ததற்கு `Low` போதும், அதைக் குறை சொல்லமாட்டேன். தென்னந்தோப்பே அசையும்போது அது உதவாது.

ஆகவே இரண்டாம் முறை போனபோது ஜன்னலையும் அறையையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்தேன். அறைக்கு 1/15, 1/4, 1 நொடிப் படங்களை மட்டும் இணைத்தேன். ஜன்னல் அதில் முழுக்க வெளுத்துக் கிடந்தது, கிடக்கட்டும். கேமராவை அசைக்காமல், ஜன்னலுக்கென்று 1/125 நொடியில் எட்டுப் படங்கள் எடுத்தேன். ஏன் எட்டு? காற்று வீசி ஓய்கிற இடைவெளியில் ஓலைகள் விரிந்து நிற்கிற ஒன்று அதில் கிடைக்கும். அந்த ஒன்றை மட்டும் போட்டோஷாப்பில் மேலடுக்காக வைத்து, மாஸ்க் போட்டு ஜன்னல் திறப்பில் மட்டும் தெரியவிட்டேன். ஓலை ஒரே ஒரு கணத்திலிருந்து வருவதால் இரட்டை உருவத்துக்கு வழியே இல்லை.

இங்கே நம் ஊர் ஜன்னலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கம்பி. இணையத்தில் கற்பிப்பவர்களின் ஜன்னல்களில் ஒரே பெரிய கண்ணாடி. நாலு மூலையையும் கோடு போட்டு இணைத்தால் மாஸ்க் முடிந்தது. நம்முடையதில் கம்பிகளுக்கு இடையில் ஒவ்வொன்றாக வெட்ட முடியாது. வெட்டினாலும் அறைப் படத்தில் வெளிச்சம் கம்பிமேல் வழிந்து அதன் ஓரங்களைத் தின்றிருக்கும், வெண்மையான விளிம்பு நிற்கும். கம்பியையும் சேர்த்து முழுத் திறப்பையும் 1/125 படத்திலிருந்தே எடுங்கள். கம்பி கறுப்பாக இருக்கும். அந்த அடுக்கில் நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இரும்பு இரும்பாகத் தெரியும். மாஸ்க்கின் ஓரத்தை இரண்டு மூன்று பிக்சல் மென்மையாக்குங்கள். அடுக்கின் அடர்த்தியை 85 சதவீதம் அளவில் நிறுத்துங்கள். வெளிப்புறம் அறையைவிடச் சற்று வெளிச்சமாக இருந்தால்தான் கண் நம்பும். இரண்டும் சமமானால் ஜன்னலில் காலண்டர் படம் ஒட்டியதுபோல் இருக்கும்.

இனி நிறம். அங்கே இரண்டு குற்றவாளிகள் இருந்தார்கள். ஒன்று மின்விளக்கு. மஞ்சள் எல்இடி ஒரு பக்கம், பகல் வெளிச்சம் மறுபக்கம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று நீலமாகவோ ஆரஞ்சாகவோ போகும். அதோடு, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மின்னுகின்றன. ஒரு மின்னல் 10 மில்லிநொடி; 1/250 என்பது 4 மில்லிநொடி. மின்னலின் எந்தத் துண்டை அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நொடிப் படத்தில் எல்லாம் சராசரியாகிவிடும். ஆக, அதே சுவரே படத்துக்குப் படம் வேறு வெளிச்சத்தோடு வரும், சில விளக்குகளில் வேறு நிறத்தோடும் வரும். குட்டை ஷட்டரில் பட்டை பட்டையாகவும் விழும். அவற்றைக் கலந்தால் நிறம் எப்படி நேராக நிற்கும்? விளக்குகளை அணைத்துவிடுங்கள். எரிந்தே ஆகவேண்டும் என்றால், அறைக்கான படங்கள் 1/50 நொடியைவிட மெதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, வாழைத்தோப்பு. மச்சு பச்சையாகத் தெரிந்தது மென்பொருளின் பிழை அல்ல, உண்மையிலேயே அங்கே பச்சை வெளிச்சம் விழுந்தது. வெயில் வாழை இலையில் பட்டு, ஜன்னல் வழியே மேல்நோக்கித் தெறித்து மச்சில் பரவுகிறது. சிவப்புத் தரை அதேபோல் சுவரின் கீழ்ப்பகுதியைச் சிவக்க வைக்கிறது. நம் மூளை இதைக் கழித்துவிடுகிறது, கேமரா கழிப்பதில்லை. இணைக்கும்போது நிழலைத் தூக்குவதால் நிறமும் சேர்ந்து தூக்கப்படுகிறது. வெள்ளைச் சமநிலையைப் படம் முழுவதும் நகர்த்தினால் மச்சு வெளுக்கும், தரையும் ஜன்னலும் கத்தரிப்பூ நிறமாகிவிடும். நான் கூடத்தின் நடுவே சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, ரா கோப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அளவைப் போட்டேன். பிறகு மச்சுக்கும் சுவரின் மேல்பகுதிக்கும் மட்டும் மாஸ்க் போட்டு, நிறச்செறிவை −50 வரை குறைத்து, டின்ட்டை ஊதாப் பக்கம் ஒரு துளி நகர்த்தினேன். தரையைத் தொடவில்லை. ஜன்னல் தனி அடுக்கு என்பதால் அதற்கு வெயிலுக்கு உரிய அளவைத் தனியாகக் கொடுக்க முடிந்தது.

போட்டோஷாப் வாங்க வசதி இல்லாதவர்கள் அறைப் பகுதிக்கு என்ஃபியூஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம், இலவசம். எச்டிஆர் கோப்பு உருவாக்காமல் படங்களை நேரடியாகக் கலப்பதால் நிறம் கத்துவதில்லை. அசைவை நீக்கும் திறன் அதற்குக் கிடையாது. ஆகவே ஜன்னலை அதன் பொறுப்பில் விடாமல் கிம்ப்பில் மேலடுக்காக வையுங்கள்.

```
enfuse -o koodam.tif r15.tif r4.tif r1.tif
```

ஃபிளாஷ் வைத்தால் இத்தனை பாடு எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். ஃபிளாஷ் நல்ல வழிதான், நான் எதிரியல்ல. ஆனால் ஒரு பெரிய கூடத்தை நிழல் விழாமல் நிரப்ப இரண்டு மூன்று ஃபிளாஷும் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். ஒரு வீட்டுக்கு இங்கே கிடைக்கும் கூலியில் அது கட்டாது.

கூலி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விற்பனை விலையில் சதவீதக் கணக்கில் தரகு வாங்குபவர்கள், படத்துக்கு உரிய பணத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கிறார்கள். இதே வீட்டுத் தரகர் இரண்டாம் முறை போனதற்குப் பணமே தரவில்லை. அது என் பிழை என்பதால் நான் கேட்கவும் இல்லை. ஆனால் அதற்கடுத்த வேலையில், கடலுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் ஜன்னலில் முட்டம் கடலை ஒட்டித் தரச் சொன்னார். மாஸ்க் போடத் தெரிந்தவனுக்கு அது பத்து நிமிட வேலை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுத்துவிட்டேன். வெளியூரில் உட்கார்ந்து படத்தை நம்பி முன்பணம் அனுப்புகிறவர் ஏமாறுவார். ஜன்னலில் தெரிவது அந்த ஜன்னலில் தெரிந்ததாக இருக்க வேண்டும். அது தென்னந்தோப்பாக இருந்தாலும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தாலும்.

இரண்டாம் முறை போனபோது மின்விசிறியையும் நிறுத்தினேன். "மக்களே, இந்தப் புழுக்கத்தில் விசிறியை ஏன் நிறுத்தினாய்?" என்று ஆச்சி கேட்டார். சுற்றினால் படத்தில் புகைபோலத் தெரியும் என்றேன். நிறுத்திய இறக்கைகளில் ஒன்று கேமராவைப் பார்த்துக் கோணலாக நின்றது. ஆச்சி ஒட்டடைக்கம்பை எடுத்து வந்து, நான் சொன்ன இடத்துக்கு அதைத் தள்ளிவைத்தார்.