பதில்: ஆட்டோகிளேவ் டேப் மாறியும் ஸ்போர் வயல் மஞ்சளாவது ஏன்

"ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 20 நிமிஷம். டேப் கறுத்துடுச்சு. கழிவுப் பைக்குள் வைத்த ஸ்போர் வயல், அதாவது சோதனைக் குப்பி, மட்டும் மஞ்சளாகிடுச்சு. வயல் கெட்டுப்போச்சா?"

வயலை நம்புங்க. மஞ்சள் என்றால் அதிலிருக்கும், சூட்டைத் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியா ஸ்போர் பிழைத்து, வளர்ந்து, அமிலம் விட்டிருக்கு. டேப் பையின் வெளிப்புறச் சூட்டை மட்டுமே சொல்லும். உள்ளே காற்று சிக்கினால் நீராவி நடுப்பகுதிக்குப் போகாது. வாயை இறுகக் கட்டிய பையில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாம, வாயைத் தளர்வா விட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, 60 நிமிஷம் ஓட்டிப் பாருங்க. வயலை நூலில் கட்டி நட்டநடுவில் இறக்குங்க. ஆறிய பிறகே வயலுக்குள் இருக்கும் வளர்ப்புத் திரவ ஆம்பூலை உடைங்க, சூட்டில் வெடிக்கலாம். ஆட்டோகிளேவில் வைக்காத அதே லாட் வயலையும் கூடவே இன்குபேட் பண்ணுங்க. அது மஞ்சளாகாவிட்டால் சோதனையே செல்லாது. பழைய பையையும் மறுபடி ஓட்டாம வெளியே அனுப்பாதீங்க.