அறிமுக மெயிலுக்கு இரண்டு பக்கமும் பதில் வரவேண்டுமென்றால்

"நான் கிருஷ்ணகிரியில் உணவுத் தர ஆலோசகராக இருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு இரண்டு பருவமாகத் தரச் சோதனை பார்க்கிறேன். டிரம்மில் ஏற்றுமதிக்குப் போடுகிறார். கோவையில் ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்க்கும் மேடம் ஒருவரையும் தெரியும். அவர் டின் கூழ் வாங்குகிறார், மாதம் 2 டன் போல. 'நீங்கள் இருவரும் பேசினால் இருவருக்கும் நல்லது' என்று ஒரே மெயிலில் அறிமுகம் செய்து வைத்தேன். மூன்று வாரமாக இரண்டு பேருமே பதில் போடவில்லை. என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார்கள். எங்கே தவறு செய்தேன்?"

மெயிலைப் பார்த்ததும் மேடம், "விற்கிறவர் அவர், அவரே எழுதட்டும்" என்று நினைத்திருப்பார். அண்ணன், "தேவைப்படுகிறவர் கேட்கட்டும்" என்று இருந்திருப்பார். யார் முதலில் எழுதுவது, எதைப் பற்றி எழுதுவது என்ற இரண்டும் உங்கள் மெயிலில் இல்லை. அதனால் இருவருமே மரியாதையாகக் காத்திருக்கிறார்கள்.

'இருவருக்கும் நல்லது' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான ஒரே காரணம் கிடையாது, ஆளுக்கொரு காரணம் வேண்டும். மேடத்தின் காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம். பெரிய டின் ஒன்றில் சுமார் 3.1 கிலோ கூழ் இருக்கும். 2 டன்னுக்கு மாதம் 650 டின்னை வெட்டித் திறக்க வேண்டும், வழிக்க வேண்டும், காலி டின்னை அப்புறப்படுத்த வேண்டும். அதே அளவு கூழ், 215 கிலோ டிரம்மில் ஒன்பது பத்து டிரம்மோடு முடிந்துவிடும். இந்த ஒரு வரி போதும், அவர் மெயிலை மூட மாட்டார்.

அதே ஒன்பது டிரம் அண்ணனுக்குச் சில்லறை வியாபாரமாகத் தெரியும். இருபது அடி கன்டெய்னரில் 80 டிரம் ஏற்றி அனுப்பிப் பழகியவர் அவர். அளவைக் காட்டி அவரை இழுக்க முடியாது. வருடம் முழுக்க மாதாமாதம் எடுக்கும் ஆள், பருவம் முடிந்த பிறகும் கையில் பணம் புரளும் என்பதுதான் அவருக்குக் காரணமாக இருக்கக்கூடும். 'இருக்கக்கூடும்' என்றுதான் சொல்கிறேன். உள்ளூருக்கென்று அவர் சரக்கு நிறுத்தி வைப்பாரா என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். ஆகவே, சேர்த்து மெயில் போடுவதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

முதலில் மேடத்திடம் கேளுங்கள். வாங்குகிற இடத்தில் இருப்பவருக்குத்தான் 'வேண்டாம்' என்று சொல்லும் காரணங்கள் அதிகம். ஆலைக்காரரிடம் முதலில் ஆசை காட்டிவிட்டால், மேடம் மறுக்கும்போது நீங்கள்தான் நடுவில் நிற்பீர்கள். வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: "மேடம், காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த ஆலை ஒன்று டிரம்மில் தோத்தாபுரி கூழ் போடுகிறது. அங்கே தரச் சோதனை பார்ப்பது நான்தான், அதற்கு அவர்களிடம் ஊதியம் வாங்குகிறேன். டின்னிலிருந்து மாறும் யோசனை இருந்தால் அறிமுகம் செய்கிறேன். இப்போது வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்." ஊதிய விஷயத்தை மறைக்காதீர்கள். பின்னால் வேறு வழியாகத் தெரிந்தால் நீங்கள் சொன்ன தரத்தின் மீதே சந்தேகம் விழும்.

அவர் சரி என்றதும் இன்னொன்றையும் கேளுங்கள்: "மாதம் 2 டன் என்று அவரிடம் சொல்லலாமா?" நான் ஒருமுறை இதைக் கேட்காமல், ஒருவர் வாங்கும் அளவை மெயிலில் எழுதிவிட்டேன். அந்த விற்பனையாளருக்கும் அவருக்கும் ஏற்கெனவே விலைத் தகராறு இருந்தது எனக்குத் தெரியாது. என் மெயிலில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே விற்பனையாளர் பேரத்தை ஆரம்பித்தார். வாங்கியவர் அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவே பல மாதம் ஆனது.

அண்ணனிடம் போனிலேயே பேசிவிடுங்கள். தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் வேண்டாம். ஆலை இரவும் பகலும் ஓடும்போது எந்த மெயிலுக்கும் பதில் வராது. எந்த மெயில் முகவரியை அவரே பார்க்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டில் இருக்கும் முகவரியைப் பெரும்பாலும் ஆபீஸில் வேறு யாராவதுதான் திறப்பார்கள். உங்கள் பழைய மெயில் அங்கேயே படுத்துக் கிடக்கலாம்.

இருவரும் சரி என்ற பிறகு போடும் மெயில் இப்படி இருக்கலாம்:

பொருள்: டிரம் மாங்கூழ், ஒரு டிரம் சோதனை – காவேரிப்பட்டணம் / கோவை

வணக்கம் மேடம், வணக்கம் சார்.

மேடம், நான் சொன்ன கூழ் ஆலை சாருடையது. 215 கிலோ டிரம்மில் தோத்தாபுரி கூழ் போடுகிறார். இரண்டு பருவமாக அங்கே தரச் சோதனை பார்க்கிறேன்.

சார், மேடம் கோவையில் ஐஸ்கிரீம் நிறுவனத்தின் கொள்முதல் பொறுப்பில் இருக்கிறார். இப்போது டின்னில் வாங்குகிறார், டிரம்முக்கு மாற யோசிக்கிறார். தேவை வருடம் முழுக்க மாதாமாதம் உண்டு.

முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான். டிரம்முக்குள் இருக்கும் பையைத் திறந்தால், எந்தக் குளிரில் வைத்து எவ்வளவு நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்? சார், இதற்கான பதிலையும் இந்தப் பருவக் கூழின் பிரிக்ஸ், அமில அளவு உள்ள தர அறிக்கையையும் வெள்ளிக்கிழமைக்குள் மேடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மேடம், உங்களுக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ கூழ் செலவாகும் என்று பதிலில் சொன்னால், ஒரு டிரம் எடுத்துப் பார்ப்பது சரிவருமா என்று தெரிந்துவிடும்.

இனி நீங்கள் இருவரும் நேரடியாகவே பேசிக்கொள்ளலாம், என்னைச் சேர்க்கவேண்டியதில்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்தக் கேள்வி சம்பிரதாயத்துக்காகக் கேட்டது இல்லை. கிருமி நீக்கி அடைத்த பை ஒருமுறை திறந்தால் அதன் பாதுகாப்பு போய்விடும். ஒரு நாளைக்கு 60 கிலோ செலவாகும் இடத்தில் மீதி 155 கிலோவை எங்கே வைப்பது என்பதுதான் மேடத்தின் உண்மையான கவலையாக இருக்கும். அதற்கு விடை சொல்ல அண்ணனால்தான் முடியும், அவருக்கு எளிதும்கூட. முதல் அடியை இப்படிச் சுலபமாகப் பதில் சொல்லக்கூடியவரிடம் கொடுத்தால் மெயில் நகரும்.

இரண்டாவது, விலை எங்கேயும் இல்லை. விலை பேசுவது அவர்கள் வேலை. நீங்கள் ஒரு எண்ணைப் போட்டால், இருவரில் ஒருவருக்கு அது பிடிக்காது.

மூன்றாவது, நேரில் 'அண்ணா' என்று கூப்பிட்டாலும் மெயிலில் அவரை 'சார்' ஆக்கியிருக்கிறேன். ஒருவர் அண்ணன், மற்றவர் மேடம் என்று எழுதினால், நீங்கள் அண்ணன் வீட்டு ஆள் என்று மேடம் ஒரு வரியிலேயே முடிவுகட்டிவிடுவார். மெயிலை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்தச் சமம் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தாண்டியும் அசைவு இல்லையென்றால் இருவருக்கும் சேர்த்து நினைவூட்டல் அனுப்பாதீர்கள். மேடத்தின் கண் முன்னால் அண்ணனைக் கண்டிப்பது போல ஆகிவிடும். திங்கட்கிழமை அவருக்கு மட்டும் போன் போட்டு, "அந்த ரிப்போர்ட் போயிடுச்சாண்ணா?" என்று கேளுங்கள். அவர் அனுப்பிய பிறகும் மேடத்திடமிருந்து பத்து நாள் வரை சத்தமில்லை என்றால் அவரைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். ஆர்வம் போயிருந்தால், அதை அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் போட்ட மெயிலுக்கு Reply all கொடுத்துத் தொடராமல் புது மெயிலாகவே எழுதுங்கள். பழையதைத் தொடர்ந்தால், இத்தனை நாள் பதில் போடாததற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்ற கூச்சத்திலேயே இருவரும் மறுபடி தள்ளிப்போடுவார்கள்.